மெக்கானிக்கல் வாட்ச் ஓவர்ஹால்: பிரித்துக் கழுவுவதா, மெஷினையே மாற்றுவதா, ஓடும்வரை விடுவதா?

பின்மூடியில் 7எஸ்26 என்று தொடங்கும் எண் பொறித்த ஒரு சீக்கோ 5 ஆட்டோமேட்டிக். வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இதுவரை திறக்கப்படவில்லை. முன்பெல்லாம் நாளுக்குப் பத்து, பதினைந்து விநாடி கூடுதலாக ஓடியது, இப்போது ஐம்பது விநாடி பின்தங்குகிறது. இரவு கழற்றி வைத்தால் மறுநாள் சாயங்காலம்வரை ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மதியத்துக்குள் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் கடைக்குக் கொண்டுபோனால் மூன்று விதமான பதில்கள் வரும். ஒரு கடையில் 500 ரூபாய்க்குக் "கிளீன் பண்ணி ஆயில் விட்டுத் தர்றேன்" என்பார்கள். இன்னொரு கடையில் முழு ஓவர்ஹாலுக்கு 3,000, 4,000 என்று சொல்லி இரண்டு வாரம் கேட்பார்கள். மூன்றாமவர் "மெஷினையே மாத்திடலாம் சார், புதுசு போட்டுடலாம்" என்பார்.

முதல் பதில் எந்த வாட்சுக்கும் பொருந்தாது, மற்ற இரண்டும் சில வாட்சுகளுக்குச் சரி, சில வாட்சுகளுக்குத் தவறு. எது சரி என்பதைத் தீர்மானிப்பது வாட்சின் விலையல்ல. உள்ளே தேய்ந்த பாகத்துக்குப் பதில் பாகம் கிடைக்குமா என்பதுதான் தீர்மானிக்கிறது. சீக்கோ 5-க்குக் கிடைக்கும். அப்பாவின் எச்.எம்.டி ஜனதாவுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சுவிஸ் வாட்சுக்கு உண்டு, ஆனால் எல்லோருக்கும் விற்கமாட்டார்கள். இந்த மூன்றையும் வைத்தே ஒப்பிடுவோம். பெரும்பகுதி சீக்கோவைப் பற்றித்தான், ஏனென்றால் உண்மையிலேயே இரண்டு வழி திறந்திருப்பது அதற்குத்தான்.

முதலில், ஓவர்ஹால் தேவைதானா?

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் அது பெரும்பாலும் காந்தம் ஏறியதால்தான். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், பையில் இருக்கும் காந்தப் பூட்டு, எதிலிருந்து வேண்டுமானாலும் ஏறும். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்தான் பேலன்ஸ் வீல். அதை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகிறது, வேகம் கூடுகிறது. ஒரு சாதாரணத் திசைகாட்டியின் அருகில் வாட்சைக் கொண்டுபோங்கள். வாட்சைத் திருப்பத் திருப்ப முள் வெடுக்கென்று ஆடினால் காந்தம் இருக்கிறது. டீமேக்னடைசர் வைத்திருக்கும் கடையில் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், நூறு, இருநூறு ரூபாய் வேலை. இதற்கு ஓவர்ஹால் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

நம் சீக்கோ வேகமாக ஓடவில்லை, மெல்ல மெல்லப் பின்தங்கியது. ஓடும் நேரமும் குறைந்திருக்கிறது. இது எண்ணெய் வற்றியதன் அடையாளம். உறுதி செய்ய டைம்கிராஃபர் வேண்டும். அது ஒரு மைக்கில் வாட்சின் டிக்-டாக் ஒலியைக் கேட்டு மூன்று அளவுகளைக் காட்டும் கருவி: நாளுக்கு எத்தனை விநாடி கூடுகிறது அல்லது குறைகிறது, பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது, டிக்குக்கும் டாக்குக்கும் இடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வு. இந்த மூன்றில் நடுவில் உள்ள வீச்சுதான் வாட்சின் உடல்நிலையைச் சொல்லும். விநாடிக் கணக்கை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளி யாரும் சரிசெய்துவிடலாம், வீச்சை அப்படிக் கூட்ட முடியாது.

முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால் நல்ல நிலையில் இருக்கும் 7எஸ்26 மெஷின் 240 முதல் 270 டிகிரி வரை வீசும். சுவிஸ் ஈ.டி.ஏ 2824 போன்றவை 280, 300 என்று வீசும். அந்த எண்ணை வைத்துச் சீக்கோவைக் குறைசொல்லத் தேவையில்லை, அதன் இயல்பு அவ்வளவுதான். நம் வாட்ச் 195 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் கழித்து அளந்தால் 160-க்கும் கீழே. இந்த எண்களைப் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை. அளக்கும்போது கருவியில், மெஷினுக்கு மெஷின் மாறும் லிஃப்ட் ஆங்கிள் என்ற கோண அளவை 53 என்று வைத்திருக்க வேண்டும், 7எஸ்26-க்கு அதுதான். பெரும்பாலான கருவிகளில் 52 என்று இருக்கும், அதை மாற்றாமல் விட்டால் வீச்சு கொஞ்சம் குறைவாகவே காட்டும்.

வீச்சு ஏன் விழுகிறது

7எஸ்26 மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 18.9 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் எஸ்கேப் வீல் என்ற பற்சக்கரத்தின் ஒரு பல், பேலன்ஸுக்கு உந்துதலைக் கடத்தும் பேலட் ஃபோர்க்கின் செயற்கை மாணிக்கக் கல்லில் உரசி நழுவுகிறது. அந்த உரசல் நடக்கும் இடத்தில் ஊசிமுனையளவு எண்ணெய் இருக்கும். நாளாவட்டத்தில் அது கெட்டிப்படும், அல்லது வழிந்து விலகும், அல்லது வற்றிவிடும். உலர்ந்த இடத்தில் உரசல் கூடுகிறது, பேலன்ஸுக்குப் போய்ச்சேரும் உந்துதல் குறைகிறது, வீச்சு விழுகிறது.

ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. எண்ணெயில்லாத எஃகு அச்சு முனை துளையில் சுற்றும்போது நுண்ணிய துகள்கள் உதிர்ந்து, மிச்சமிருக்கும் எண்ணெயோடு கலந்து கருப்புக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு அச்சை அராவ ஆரம்பிக்கிறது. கல் பதித்த துளை தாங்கும், அச்சு முனைதான் தேயும். கல் இல்லாத பித்தளைத் துளை என்றால் துளையே நீள்வட்டமாகிவிடும். சாவியை விசையாகத் தேக்கிவைக்கும் மெயின்ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளைதான் பேரல். 7எஸ்26-ல் பேரல் உட்காரும் இடத்தில் கல் கிடையாது. மெயின்ஸ்பிரிங்கின் முழு இழுப்பும் அங்கேதான் விழுகிறது. பல வருடம் உலர்ந்து ஓடிய மெஷினில் பேரல் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அதற்குப்பின் எவ்வளவு நன்றாகக் கழுவி எண்ணெய் விட்டாலும் பழைய வீச்சு வராது.

"ஓடுதே, ஓடட்டும்" என்பது இதனால்தான் பாதி உண்மை. மெக்கானிக்கல் வாட்ச் எண்ணெய் வற்றியதும் நிற்பதில்லை. வற்றிய பிறகும் வருடக்கணக்கில் ஓடும், அந்த வருடங்களில்தான் தேய்கிறது.

முழு ஓவர்ஹாலில் என்ன நடக்கிறது

பின்மூடியைத் திறந்து, பக்கத்துக் குமிழான கிரவுனோடு சேர்ந்த ஸ்டெம் என்ற தண்டை உருவி, மெஷினைக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து, முட்களையும் டயலையும் கழற்றுவது முதல் கட்டம். முட்களை நெம்பும்போது டயலில் கீறல் விழாமலிருக்க இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைப்பார்கள். அடுத்து மெயின்ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் சாவியை இறக்கியாக வேண்டும். இதைச் செய்யாமல் பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால் தேக்கிவைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் சக்கரங்களில் பாயும். அச்சு முனைகளும் பற்களும் உடையும். அவசரக்காரர் கையில் வாட்ச் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறகு கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர், அதன்கீழ் மீன்வால் போலப் பிரிந்த மேஜிக் லீவர், பேலன்ஸ், பேலட் ஃபோர்க், சக்கரப் பாலம், சக்கரங்கள், பேரல். மறுபக்கம் கிழமைத் தட்டு, தேதி வளையம், அதன்கீழ் உள்ள பற்சக்கரங்கள். எல்லாம் தனித்தனியாக. பேரலைத் திறந்து மெயின்ஸ்பிரிங்கையும் வெளியே எடுக்க வேண்டும், அல்லது பேரலை முழுதாகப் புதிதாக மாற்றிவிட வேண்டும். பாதிக் கடைகள் இதைத் தொடுவதேயில்லை. ஆட்டோமேட்டிக் வாட்சில் மெயின்ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் மாட்டப்பட்டிருக்காது. முழுச் சாவி ஏறியதும் சுவரில் வழுக்க வேண்டும், இல்லையென்றால் ரோட்டர் அதை முறித்துவிடும். வழுக்கல் சரியான அளவில் இருக்கச் சுவரில் தனி கிரீஸ் தடவுகிறார்கள். அது கெட்டுப்போனால் ஸ்பிரிங் சீக்கிரமே வழுக்கிவிடும், சாவி முழுதாக ஏறாது. கழற்றி வைத்ததும் மதியத்துக்குள் நிற்கும் வாட்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

கழுவுவதற்கென்று தயாரித்த திரவத்தில் ஒருமுறை, அலசும் திரவத்தில் இருமுறை, பிறகு சூடான காற்றில் உலர்த்தல். அல்ட்ராசோனிக் தொட்டியிலோ கூடை சுழலும் இயந்திரத்திலோ செய்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கல் துளையையும் கூர்மையாகச் சீவிய மரக்குச்சியால் குடைந்து துடைக்க வேண்டும். காய்ந்து ஒட்டிய எண்ணெய் வெறும் திரவத்தில் போகாது. பேலட் ஃபோர்க்கை ஆல்கஹாலில் ஊறப்போடக் கூடாது. அதன் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

எண்ணெயிடுவதை ஒரு கல்லை வைத்து விளக்குவது சுலபம். பேலன்ஸ் அச்சின் முனைக்கு மேலே இரண்டு கற்கள் இருக்கும். ஒன்று துளையுள்ளது, அதன்மேல் தட்டையான மூடிக்கல். இரண்டையும் சிறு ஸ்பிரிங் ஒன்று பிடித்துவைத்திருக்கும். ஓவர்ஹால் என்றால் அந்த ஸ்பிரிங்கைத் திறந்து, இரண்டு கற்களையும் எடுத்துத் தனியே கழுவி, மூடிக்கல்லின் நடுவில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து, துளைக்கல்லை அதன்மேல் கவிழ்த்து, மறுபடி இடத்தில் உட்காரவைத்துப் பூட்டுவது. லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் எண்ணெய் ஒரு வட்டமாகத் தெரியும், கல்லின் அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை. அதற்குக் குறைந்தால் சீக்கிரம் வற்றும். கூடினால் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து இழுக்கப்பட்டு முழுதும் வழிந்துவிடும். அதிக எண்ணெய் விட்ட வாட்ச் அளவாக எண்ணெய் விட்ட வாட்சைவிடச் சீக்கிரம் உலர்வது இப்படித்தான். 7எஸ்26-ல் எஸ்கேப் வீல் போன்ற இடங்களிலும் இதேமாதிரி மூடிக்கற்கள் உண்டு. அவற்றைப் பிடிக்கும் ஸ்பிரிங் இன்னும் சிறியது, இடுக்கியிலிருந்து தெறித்தால் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். அந்தப் பயத்தில் பலர் அதைத் திறக்காமலே மேலே ஒரு சொட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். வேகமாகச் சுற்றும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் 9010 போன்ற இலகுவான எண்ணெய், மெதுவாகச் சுற்றி அதிகச் சுமை தாங்கும் பேரல், நடுச்சக்கரம் போன்றவற்றுக்கு எச்.பி.1300 அல்லது டி5 போன்ற கனமானது, பேலட் கற்களுக்கு 9415, சாவி கொடுக்கும் பாகங்களுக்கு கிரீஸ். பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே விடுவதில்லை. அது முன்னும் பின்னும் சில டிகிரி மட்டுமே அசைகிறது, அங்கே எண்ணெயின் ஒட்டுதலே பாரமாகிவிடும்.

கடைசியாகக் கோத்துமுடித்து, காந்தம் நீக்கி, பல நிலைகளில் வைத்து அளந்து சரிசெய்து, மூடி வளையங்களைப் புதிதாக்கி, குறைந்தது இரண்டு மூன்று நாள் ஓடவிட்டுக் கவனிக்க வேண்டும். கையில் பிடித்துச் செய்யும் வேலை மட்டும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். 500 ரூபாய்க்கு இதை யாரும் செய்ய முடியாது, செய்வதாகச் சொன்னால் வேறெதையோ செய்கிறார்கள்.

மலிவான "ஆயில் சர்வீஸ்"

அந்த வேறெது பெரும்பாலும் இதுதான்: மெஷினை மொத்தமாகவோ பாதி பிரித்தோ பெட்ரோலில் முக்கி, ஊதி உலர்த்தி, கண்ணில் படும் கற்களிலெல்லாம் ஒரே எண்ணெயைத் தொட்டுவைப்பது. வாட்ச் உடனே நன்றாக ஓடும், அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் பேரலுக்குள் இருந்த கிரீஸ் பாதி கரைந்திருக்கும், மூடிக்கல்லுக்கு அடியில் பழைய அழுக்கு அப்படியே இருக்கும், உரசித் தேய்ந்த துகள்கள் இடம்மாறி வேறெங்காவது ஒதுங்கியிருக்கும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் பழைய நிலைமைக்கே திரும்பும். எங்கள் கருத்தில் மூன்று வழிகளிலும் எந்த வாட்சுக்கும் பொருந்தாதது இது ஒன்றுதான். இதற்குச் செலவழிப்பதைவிட வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டு ஓவர்ஹாலுக்குப் பணம் சேர்ப்பது மேல். ஓடாத வாட்ச் தேய்வதில்லை.

மெஷினை மாற்றுவது

சீக்கோ 5-க்கு இது நியாயமான வழி. சீக்கோ குழுமம் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் என்.எச்.36 மெஷின் 7எஸ்26-ன் அடுத்த தலைமுறை. அளவு ஒத்துப்போகும், டயலும் முட்களும் பொதுவாக அப்படியே உட்காரும். அதே 21,600 துடிப்பு. கூடுதலாக இரண்டு வசதி: கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்கலாம், நேரம் வைக்கக் கிரவுனை இழுத்தால் விநாடி முள் நிற்கும். 7எஸ்26-ல் இரண்டும் கிடையாது, வாட்சை ஆட்டித்தான் கிளப்ப வேண்டும்.

இந்தியாவில் என்.எச்.36 தோராயமாக 4,000 முதல் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாற்றுக்கூலி 800 முதல் 1,500. பழைய ஸ்டெம் பொருந்தாது, புதிய மெஷினோடு வரும் ஸ்டெம்மை அளந்து வெட்டிப் பழைய கிரவுனில் திருக வேண்டும். இங்கே அரை மில்லிமீட்டர் தவறினாலும் சிக்கல். நீளமாக இருந்தால் கிரவுன் கூட்டோடு ஒட்டி உட்காராது, வியர்வை உள்ளே போகும். குட்டையாக வெட்டிவிட்டால் வேறு ஸ்டெம்தான் வாங்க வேண்டும். கிரவுன் மூன்று மணி இடத்தில் இல்லாமல் நான்கை ஒட்டி இருக்கும் சீக்கோ மாடல்களில் டயலின் கால்கள் எந்தத் துளையில் உட்காருகின்றன என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். போலி என்.எச் மெஷின்களும் சந்தையில் உண்டு. ஆகவே புதிதுதானே என்று அளக்காமல் போடக் கூடாது. போட்டபின் டைம்கிராஃபரில் வீச்சையும் விநாடியையும் காட்டச் சொல்லுங்கள். இந்த மெஷினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை நாளுக்கு −20 முதல் +40 விநாடி. பொறுமையாகச் சரிசெய்தால் பத்து விநாடிக்குள் கொண்டுவரலாம்.

நம் பன்னிரண்டு வருட சீக்கோவுக்குக் கணக்கு இப்படி வரும். ஓவர்ஹால் 3,000 முதல் 4,500, பேரல் மாற்றினால் அதற்கு மேல் கொஞ்சம். மெஷின் மாற்றுவது எல்லாம் சேர்த்து 5,000 முதல் 7,500. பார்த்தால் ஓவர்ஹால் மலிவு. ஆனால் பேரல் துளை தேய்ந்திருந்தால், அது பிரித்த பிறகுதான் தெரியும், ஓவர்ஹால் பணம் போட்டும் வீச்சு 220-ஐத் தாண்டாமல் நிற்கக்கூடும். எனவே கடைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: பிரித்துப் பார்த்துத் தேய்மானம் இருந்தால் கழுவுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தேய்மானம் இல்லையென்றால் ஓவர்ஹால், இருந்தால் மெஷின் மாற்றம். மாற்றும்போது பழைய மெஷினைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பேலன்ஸும் தேதிச் சக்கரங்களும் இன்னொரு 7எஸ்26-க்கு உதவும்.

ஒருவர் தந்த வாட்ச் என்பதால் அதே மெஷின்தான் துடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் தேய்மானத்தோடே ஓவர்ஹால் செய்துகொள்ளலாம், வீச்சு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வாட்ச் ஓடும்.

எச்.எம்.டி-க்கு மாற்று வழி இல்லை

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி-யின் வாட்ச் தயாரிப்பு. எச்.எம்.டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போது ஜனதாவுக்கு வேண்டிய பாகம் பழைய இருப்பிலிருந்தோ, உடைத்த இன்னொரு வாட்சிலிருந்தோதான் வர வேண்டும். அந்த இன்னொரு வாட்சும் இதே அளவு தேய்ந்ததாகத்தான் இருக்கும்.

சீக்கோவுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக இங்கே நடக்க வேண்டும். சீக்கோவை வீச்சு விழும்வரை ஓடவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம், தேய்ந்தால் மாற்று இருக்கிறது. எச்.எம்.டி-யில் தேய்மானம் தொடங்குவதற்கு முன்பே கழுவி எண்ணெயிட வேண்டும். தினமும் கட்டுவதானால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. எப்போது சர்வீஸ் ஆனது என்றே தெரியாத பழைய வாட்ச் கைக்கு வந்தால், அது நன்றாக ஓடினாலும் முதலில் ஓவர்ஹால், அப்புறம்தான் கட்டுவது.

வேலையைப் பொறுத்தவரை இது எளிய மெஷின். பதினேழு கல், மணிக்கு 18,000 துடிப்பு, ரோட்டர் கிடையாது, ஜனதாவில் தேதியும் கிடையாது. கவனமான கைக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை ஆகும். சிக்கல் வருவது கிரவுன் பக்கத்திலிருந்து. இந்தக் கூடுகளில் நீர்த்தடுப்பு பலவீனம், நம் ஊர் வியர்வை கிரவுன் வழியாக உள்ளே இறங்கி ஸ்டெம்மையும் அதைச் சுற்றியுள்ள எஃகுப் பாகங்களையும் துருப்பிடிக்கவைக்கும். சாவி கொடுக்கும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் அது துரு. துருத்தூள் சக்கரங்களுக்குப் போவதற்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: டயலைத் தொடக் கூடாது. "டயல் பழசாயிடுச்சு, புதுசா அடிச்சுத் தர்றேன்" என்று மறுவண்ணம் பூசும் வழக்கம் எச்.எம்.டி-யில் மிக அதிகம். எழுத்து தடித்து, கோடுகள் விலகி வரும். பூசிய டயலைப் பழையபடி ஆக்க வழியே கிடையாது.

சுவிஸ் வாட்சில் இரண்டு கதவு

ஈ.டி.ஏ 2824 அல்லது அதன் மறுபதிப்பான செலிட்டா எஸ்.டபிள்யூ.200 ஓடும் நடுத்தர விலை வாட்சுகளுக்கு அனுபவமுள்ள தனி மெக்கானிக் போதும். 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் முடியும், தேய்ந்த பாகங்கள் வெளியிலும் கிடைக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் இதற்கு 15,000, 25,000 என்று ஆகலாம். சில சமயம் அவர்கள் ஓவர்ஹால் செய்வதேயில்லை, மெஷினை முழுதாக மாற்றித் தந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால் ஒழிய பழையது திரும்பி வராது.

ரோலெக்ஸ், ஒமேகா என்று மேலே போகும்போது நிலைமை மாறும். சொந்த மெஷின், பாகங்களை வெளிக் கடைகளுக்கு விற்பதில்லை, அல்லது தேர்ந்தெடுத்த சிலருக்கே விற்பார்கள். வெளிமெக்கானிக் எவ்வளவு திறமைசாலியானாலும் பாகம் இல்லாமல் என்ன செய்வார்? இவற்றுக்கு 50,000-க்குக் குறையாமல் எடுத்துவைத்துக்கொண்டு நிறுவனத்திடமே கொடுப்பதுதான் சரி. கூட்டைப் பாலிஷ் செய்ய வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலிஷிலும் கூட்டின் கூர்மையான விளிம்புகள் மழுங்கும், பழைய வாட்சாக விற்கும்போது அதன் மதிப்பு அங்கேதான் குறைகிறது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

நிறுவனங்களின் பதில்கள் ஒத்துப்போவதில்லை. ரோலெக்ஸ் சுமார் பத்து வருடம் என்கிறது, ஒமேகா ஐந்து முதல் எட்டு, சீக்கோவின் இப்போதைய மெக்கானிக்கல் வாட்ச் கையேடுகள் மூன்று நான்கு வருடம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மெஷின்களின் தரம் மட்டுமல்ல. நிறுவனத்தின் எச்சரிக்கை உணர்வும், கூடு எவ்வளவு இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தது. பழைய காலத்தில் பயன்பட்ட விலங்குக் கொழுப்பு எண்ணெய்கள் சில வருடத்தில் கெட்டியாகும். இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

காலண்டரைவிட டைம்கிராஃபரை நம்பலாம். ஓவர்ஹால் முடிந்த அன்று முழுச் சாவியில் வீச்சு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மூடியைத் திறக்கக்கூடத் தேவையில்லை, ஐந்து நிமிடம் ஆகும். முதலில் 260 இருந்தது 230-க்கு வந்தால் எண்ணெய் குறைகிறது. 210-க்குக் கீழே என்றால் நேரம் வந்துவிட்டது. சீக்கோவுக்கு இது ஏழெட்டு வருடத்தில் வரலாம், பத்தில் வரலாம். ஆனால் வாட்சுக்குள் தண்ணீர் போய்க் கண்ணாடியில் ஆவி படிந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, அதே வாரத்தில் பிரித்தாக வேண்டும். அரிசிக்குள் போட்டுவைத்தால் ஆவி மறையும், உள்ளே துரு பிடிப்பது நிற்காது.

கடையில் கேட்க வேண்டியவை

செய்தது முழு ஓவர்ஹாலா இல்லையா என்பதை மூடிய வாட்சைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கொடுக்கும்போதே, பிரிப்பதற்கு முன்னும் முடித்த பின்னும் டைம்கிராஃபர் திரையைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். டயல் மேல், டயல் கீழ், கிரவுன் கீழ் என்று மூன்று நிலைகளிலாவது வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இது அன்றாட வேலை, தயங்கமாட்டார். பேரலைத் திறப்பீர்களா, பேலன்ஸ் மூடிக்கற்களை எடுத்துக் கழுவுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று பதில் வந்தால் அங்கே ஓவர்ஹால் நடக்காது. மாற்றிய பாகங்களையும் பழைய ரப்பர் வளையத்தையும் ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வாட்ச் கைக்கு வந்ததும் பின்மூடியில் கண்ணாடி இருந்தால் லூப்பிலோ போனின் குளோஸ்-அப் கேமராவிலோ திருகுகளின் தலையைப் பாருங்கள். பிளவுகள் சிதைந்து பளபளத்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகியிருக்கிறார்கள். அடுத்த பத்து நாள் தினமும் ஒரே நேரத்தில் விநாடிக் கணக்கைக் குறித்து வையுங்கள், ஒருநாள் முழுதும் கட்டியபின் கழற்றிவைத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் பாருங்கள். 7எஸ்26 என்றால் நாற்பது மணி நேரத்தை ஒட்டி வர வேண்டும். முப்பதுக்குக் கீழே நின்றால் பேரலில் வேலை நடக்கவில்லை, அல்லது ரோட்டர் சரியாகச் சாவி ஏற்றவில்லை. வாரண்டிக் காலம் பெரும்பாலும் ஆறு மாதம்தான், அதற்குள் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீர்த்தடுப்புச் சோதனை செய்து தந்தோம் என்று எழுதித் தராதவரை, ஓவர்ஹால் ஆன வாட்சோடு குளிக்கவோ நீந்தவோ போகாதீர்கள்.